சொல்வதெழுதுதல் நோட்டில் தெரிந்த காது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களில் பல இப்போது செம்பனையாகிவிட்டன. லயத்து வீடுகளை விட்டு வந்த குடும்பங்கள் டவுனை ஒட்டிய தாமான் குடியிருப்புகளில் இருக்கின்றன. பிள்ளைகள் மட்டும் பழையபடி தமிழ்ப்பள்ளிக்குத்தான் வருகிறார்கள். அப்படி ஒரு பள்ளியில் நான் குறைநீக்கல் வகுப்பு எடுக்கிறேன். வாசிப்பிலும் எழுத்திலும் கணக்கிலும் பின்தங்கிய பிள்ளைகளைச் சிறு குழுவாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பது என் வேலை.

சில வருடங்களுக்கு முன் இரண்டாம் ஆண்டுப் பையன் ஒருவனை என்னிடம் அனுப்பினார்கள். 'மலாய் வரவில்லை, கவனமும் இல்லை' என்பது குறிப்பு. தமிழ் பரவாயில்லை, கணக்கு நன்றாகவே செய்கிறான், மலாயில்தான் தடுமாற்றம். எங்கள் பிள்ளைகளில் நிறையப் பேருக்கு இதே கதைதான் என்பதால் முதலில் நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் அவனுடைய மலாய் சொல்வதெழுதுதல் நோட்டை முதலிலிருந்து புரட்டியபோதுதான் ஏதோ உறுத்தியது. 20 சொல்லுக்கு அவன் வாங்கியிருந்த மதிப்பெண்கள் வாரவாரியாக இப்படி இருந்தன: 17, 16, 8, 9, 7, 15, 14, 6.

படிக்காத பிள்ளையின் மதிப்பெண் பொதுவாக ஒரே இடத்தில் கிடக்கும். படிக்க ஆரம்பித்தால் மெல்ல ஏறும். இரண்டு வாரம் மேலே, மூன்று வாரம் கீழே, மறுபடி மேலே என்று போனால், மாறுவது அவனுடைய அறிவு இல்லை, வேறு ஏதோ ஒன்று. தவறுகளும் ஒரே சாயலில் இருந்தன. ஏழு என்பதற்கான 'துஜுஹ்' அவன் நோட்டில் 'துஜு' ஆகியிருந்தது. நான்கு என்பதற்கான 'அம்பாட்' வெறும் 'அம்பா'. 'எளிது' என்ற பொருளுள்ள 'மூடாஹ்', 'இளமை' என்ற பொருளுள்ள 'மூடா' ஆகியிருந்தது. சமையலுக்கான 'மாசாக்' நேரத்துக்கான 'மாசா' ஆகியிருந்தது. எல்லாத் தவறும் சொல்லின் வாலில்தான்.

அந்தப் பையனின் இரண்டு காதிலும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டியிருந்தது. அதைக் கண்டுபிடிக்க இன்னும் ஆறு வாரம் ஆயிற்று.

செவிப்பறைக்குப் பின்னால் இருப்பது நடுக்காது. அது ஒரு சின்ன அறை, அதற்குள் காற்று இருக்க வேண்டும். செவிப்பறையின் அதிர்வை உட்காதுக்குக் கடத்தும் மூன்று குட்டி எலும்புகள் அந்தக் காற்றுக்குள்தான் தொங்குகின்றன. அந்த அறைக்குக் காற்று வரும் வழி ஒன்றே ஒன்று: மூக்கின் பின்புறத்திலிருந்து வரும் யூஸ்டேக்கியன் குழாய். சாதாரணமாக மூடியிருக்கும், எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் நொடிப்பொழுது திறந்து மூடும். பெரியவர்களுக்கு இது நீளமாகவும் நன்றாகச் சரிந்தும் இருக்கும். சின்னப் பிள்ளைகளுக்குக் குட்டையாகவும் கிட்டத்தட்டப் படுத்த வாக்கிலும் இருக்கும். அது திறக்கும் இடத்தை ஒட்டியே அடினாய்டு என்ற சதை வேறு அந்த வயதில் வளர்ந்து நிற்கும். சளி பிடித்தால் குழாய் வீங்கி அடைத்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் காற்றைச் சுற்றியுள்ள சவ்வு உறிஞ்சிவிடும், அழுத்தம் குறையும், செவிப்பறை உள்ளே இழுபடும், வீங்கிய சவ்விலிருந்து நீர் கசிந்து அறையை நிரப்பும். நாளாக ஆக அந்த நீர் கெட்டியாகிப் பசை போல ஆவதும் உண்டு. ஆங்கிலத்தில் இதைக் குளூ இயர் என்று சொல்வதும் அதனால்தான்.

திருவிழாவில் அடிக்கும் உறுமி மேளத்துக்குள் பாதி அளவுக்குத் தேனை ஊற்றிவிட்டு அடித்துப் பாருங்கள். மேளமும் சரியாக இருக்கும், அடிப்பவர் கையும் சரியாக இருக்கும், சத்தம் மட்டும் செத்துப்போயிருக்கும். அதுதான் இது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, சீழ் வடிவதில்லை. காதுவலியோடு வரும் சீழ்த்தொற்று வேறு, இது வேறு. அந்தத் தொற்று ஆறிய பிறகு நீர் மட்டும் தங்கிவிடுவது சாதாரணம். தொற்றே வராமல் வெறும் சளியோடும் இது வரும். பள்ளிக்கூடம் போகும் வயதுக்குள் பத்தில் ஒன்பது பிள்ளைகளுக்கு ஒரு தடவையாவது இது வந்துபோயிருக்கும். பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தானாகவே வற்றிவிடும். பலருக்கு வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

வற்றாமல் தங்கும் பிள்ளைகளிடம்தான் சிக்கல். இதில் கேட்கும் திறன் சராசரியாக 25 முதல் 30 டெசிபல் வரை குறையும். எண்ணைப் பார்த்தால் சின்னதாகத்தான் தெரியும். இரண்டு காதையும் விரலால் அடைத்துக்கொண்டு ஒருவர் பேசுவதைக் கேளுங்கள், கிட்டத்தட்ட அதுதான். பேச்சு கேட்கும், புரியவும் செய்யும். ஆனால் எல்லாம் புரியாது.

எது புரியாமல் போகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஆசிரியர் ஒரு மீட்டர் தூரத்தில் நின்று பேசினால் சத்தம் ஏறக்குறைய 65 டெசிபல் என்று வைத்துக்கொள்ளுங்கள். தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும் என்பது திறந்தவெளிக் கணக்கு. சுவர்கள் சத்தத்தைத் திருப்பி அனுப்புவதால் வகுப்பறையில் இழப்பு இதைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கும். ஆனாலும் நான்கு மீட்டர் தள்ளிக் கடைசி வரிசையில் இருப்பவனுக்கு 53, 55 தான் போய்ச் சேரும். இதில் உயிரெழுத்துகள்தான் சத்தமானவை. சொல்லின் கடைசியில் வரும் 'ஹ்' மாதிரியான மூச்சொலி அதைவிட இருபது, இருபத்தைந்து டெசிபல் மெலிந்தது. ஆக அந்த மூச்சு அவன் பெஞ்சுக்கு வரும்போது ஏறக்குறைய 30. காதில் 30 டெசிபல் குறை இருந்தால் மிச்சம் பூஜ்யம். 'துஜு' வந்து சேர்ந்துவிட்டது, 'ஹ்' வரவில்லை. பையன் கேட்டதைத்தான் எழுதினான்.

தமிழ் ஏன் தப்பித்தது என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். தமிழில் வல்லின மெய் சொல்லின் இறுதியில் வராது என்பது நாம் சின்ன வயதில் படித்த இலக்கணம். நம் சொற்கள் உயிரில் முடியும், இல்லையென்றால் ம், ன், ல், ர் போன்ற, குரலோடு ஒலிக்கும் மெய்யில் முடியும். மலாய் அப்படி இல்லை. அங்கே ப், ட், க், ஹ் எல்லாம் சொல்லின் கடைசியில் வந்து நிற்கும். அதுவும் வெடிக்காமல் நிற்கும். 'அம்பாட்' என்று மலாய்க்காரர் சொல்லும்போது கடைசி 'ட்' நாக்கு மேலே போய் ஒட்டுவதோடு சரி. 'மாசாக்' என்பதில் தொண்டை அடைபடும், அவ்வளவுதான். நல்ல காதுக்கே அது ஒரு சின்னத் தடயம். நீர் கட்டிய காதுக்கு அதுவும் இல்லை. போதாததற்குத் தமிழ் வீட்டு மொழி. பாதி கேட்டாலும் மீதியை மனம் நிரப்பிக்கொள்ளும். மலாயில் அவனுக்கு இருப்பதே இருநூறு முந்நூறு சொல், எதை வைத்து நிரப்புவது? அதனால்தான் ஒரே காதோடு இருக்கும் பையன் தமிழ் வகுப்பில் சுமாரானவனாகவும் மலாய் வகுப்பில் மக்காகவும் தெரிந்தான்.

இதைப் படித்துவிட்டு மலாயில் 'ஹ்' விடும் பிள்ளைகளையெல்லாம் கிளினிக்குக்கு அனுப்பிவிடக் கூடாது. நம் பிள்ளைகள் அந்த மொழிக்குப் புதிது, நல்ல காது உள்ளவர்களும் முதல் ஆண்டில் வாலை விடத்தான் செய்வார்கள். அதேபோலத் தமிழ் நோட்டில் ல, ள, ழ குழப்பத்தைப் பார்த்துக் காதைச் சந்தேகிக்காதீர்கள். அந்த மூன்றையும் ஒன்றாகவே பேசும் வீடுகள்தான் இங்கே அதிகம். காது சமாச்சாரம் என்றால் வேறு மூன்று விஷயம் சேர்ந்து தெரியும். மதிப்பெண் சளியோடு சேர்ந்து ஏறி இறங்கும். இந்தப் பையனின் வருகைப் பதிவையும் மதிப்பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். 16-க்கும் 8-க்கும் நடுவில் இரண்டு நாள் லீவு, காரணம் சளி காய்ச்சல். 14-க்கும் 6-க்கும் நடுவிலும் அதே. இரண்டாவது, எழுதத் தெரியாத அதே சொல்லைப் புத்தகத்தில் காட்டினால் வாலோடு சரியாக வாசிப்பான். மூன்றாவது, கிட்டே போய் முகத்துக்கு நேராகச் சொன்னால் சரியாக எழுதுவான்.

இந்த மூன்றாவதைச் சோதித்துப் பார்ப்பது சுலபம். பத்துச் சொல்லை அவன் மேசைக்கு எதிரே நின்று சொன்னேன், ஒன்பது சரி. அதே வகையான வேறு பத்துச் சொல்லை வகுப்பின் பின்பக்கம் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று, மற்றவர்களுக்குச் சொல்லும் அதே குரலில் சொன்னேன், நான்கு சரி. டாக்டர்களும் இதுபோல ஒன்று செய்வார்கள். பிள்ளையின் பின்னால் ஒரு கை நீளத்தில் நின்று, மறு காதின் முன்மடலை விரலால் தேய்த்து அடைத்துக்கொண்டு, மூன்று எழுத்தோ எண்ணோ கிசுகிசுத்துத் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். இரண்டுமே சந்தேகத்தை உறுதியாக்கும், அவ்வளவுதான். நோய் இன்னதென்று சொல்லாது.

அவன் பாட்டியை வரச் சொன்னேன். அம்மா அப்பா இருவரும் வேலைக்குப் போவதால் அவர்தான் வருவார்.

"டீச்சர், அவனுக்குக் காது நல்லாத்தான் கேக்குது. டிவியில பாட்டு வந்தா அடுப்படியில இருந்து ஓடி வர்றான். நாம கூப்பிட்டா மட்டும்தான் கேக்காது" என்றார்.

பாட்டி சொன்னது பொய் இல்லை. டிவி சத்தம் போதும், பாட்டு முழுக்க உயிரெழுத்து நீட்டல். கூப்பிடுவது வேறு அறையிலிருந்து, முதுகுப் பக்கமாக. வீட்டில் இதற்குக் கிடைக்கும் பெயர் 'திமிர்', பள்ளியில் கிடைக்கும் பெயர் 'கவனமில்லை'. அவன் மெதுவாகப் பேசுவதைக் கூச்சம் என்று எழுதியிருந்தார்கள். நடுக்காதில் கோளாறு உள்ளவருக்குத் தன் குரல் எலும்பு வழியாக உள்ளே உரக்கவே கேட்கும், வெளிச்சத்தம்தான் மங்கும். அதனால் குரலைத் தணித்தே பேசுவார்கள். நரம்புக் கோளாறில் நேர்மாறாக, கத்திப் பேசுவார்கள்.

"பிறந்தப்பவே ஆஸ்பத்திரியில காதை மெஷின் வச்சுப் பாத்தாங்களே, பாஸ்னு சொன்னாங்க" என்றும் பாட்டி சொன்னார். அது பிறவிக் குறையைப் பார்க்கும் சோதனை. பல வருடம் கழித்துச் சளியில் கட்டும் நீரைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. நல்லெண்ணெயில் பூண்டு காய்ச்சி ஊற்றி வருவதாகவும் சொன்னார். எண்ணெய் செவிப்பறைக்கு இந்தப் பக்கம் நிற்கும், நீர் அந்தப் பக்கம் இருக்கிறது. நடுவில் ஓட்டை இல்லாத வரை இரண்டும் சந்திக்காது. ஓட்டை இருந்தாலோ எண்ணெய் உள்ளே போய்க் கெடுதல் செய்யும். "ஊத்தாதீங்க பாட்டி" என்று சொல்லிப் பார்த்தேன். கேட்டாரா என்பது வேறு விஷயம்.

ஒரு கிளினிக்கில் காதைப் பார்த்துவிட்டுக் குறும்பி இல்லை, சிவப்பு இல்லை, எல்லாம் நார்மல் என்று அனுப்பிவிட்டார்கள். இன்னொன்றில் ஒரு வாரத்துக்கு ஆன்டிபயாட்டிக், கூடவே சளி மருந்து. இது அடிக்கடி நடப்பதுதான். சிவந்து வீங்கிய செவிப்பறையைப் பார்த்ததும் தெரியும். நீர் கட்டிய செவிப்பறை வெறுமனே மங்கிப் போய், கொஞ்சம் தேன் நிறமாய், சில சமயம் உள்ளே குமிழியோடு இருக்கும். அவசரமாக எட்டிப் பார்த்தால் தப்பிவிடும். நிச்சயமாகச் சொல்வது டிம்பனோமெட்ரி என்ற சோதனை. காதில் ரப்பர் முனையை வைத்துக் காற்றழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து, செவிப்பறை எவ்வளவு அசைகிறது என்று பார்ப்பார்கள். நல்ல காதுக்குக் கோடு மலை உச்சி மாதிரி எழும். நீர் இருந்தால் தட்டையாகக் கிடக்கும். சில விநாடி வேலை, வலிக்காது. மருந்துகளைப் பொறுத்தவரை, ஆன்டிபயாட்டிக்கோ அலர்ஜி மாத்திரையோ மூக்கடைப்பு மருந்தோ இந்த நீரை வற்றவைக்காது என்பதில் இன்று மருத்துவ வழிகாட்டுதல்களுக்குள் பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

ஈப்போவில் காது மூக்குத் தொண்டை நிபுணரிடம் போனபோதுதான் படம் தெளிந்தது. இரண்டு காதிலும் தட்டைக் கோடு. கேட்கும் சோதனையில் வலது காதில் நான்கு சுருதிகளில் 35, 30, 20, 30 டெசிபல், சராசரி 29. இடது காதில் 40, 35, 25, 35, சராசரி 34. எலும்பு வழியாகக் கேட்பது இரண்டிலும் சரியாக இருந்தது. நரம்பு நல்லபடி, வழியில்தான் அடைப்பு என்று அதற்கு அர்த்தம். இது நல்ல செய்தி. நரம்புக் குறையில் சத்தத்தைக் கூட்டினாலும் பல சமயம் முழுத் தெளிவு வராது, இதில் சத்தத்தைக் கூட்டினால் போதும், எல்லாம் தெளிவாகிவிடும்.

சரி, சிகிச்சை? "மூன்று மாதம் பொறுங்கள், மறுபடி பார்ப்போம்" என்றார் டாக்டர். பாட்டிக்கு முகம் சுருங்கிவிட்டது, அவ்வளவு தூரம் பஸ் பிடித்து வந்து மருந்தே இல்லையா என்று. ஆனால் அதுதான் சரியான பதில். தானாக வற்றும் வாய்ப்பு அதிகம் என்பதால், அவசரம் காட்டும் வேறு அறிகுறி இல்லாத பிள்ளைக்கு மூன்று மாதம் காத்திருப்பதே வழக்கம். பிளவுண்ட அண்ணத்தோடு பிறந்த பிள்ளைகள், டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகள், ஏற்கெனவே பேச்சு தாமதமானவர்கள், செவிப்பறை உள்ளே ஒட்டிப்போக ஆரம்பித்தவர்கள் ஆகியோரின் கணக்கு வேறு.

மூன்று மாதத்துக்குப் பிறகும் இரண்டு காதிலும் நீர் நின்று, கேட்கும் குறையும் அதே அளவில் இருந்தால் குரோமெட் பற்றிப் பேசுவார்கள். செவிப்பறையில் ஊசி நுழையும் அளவுக்குக் கீறி, நீரை உறிஞ்சி, நூல் உருளை போன்ற ஒரு குட்டிக் குழாயைப் பொருத்துவது. மயக்கம் கொடுத்துச் செய்வார்கள், பெரும்பாலும் அன்றே வீட்டுக்குப் போய்விடலாம். குழாய் நீரை வடிப்பதற்கு இல்லை, உள்ளே காற்று போவதற்கு. ஒரு வருடம் சுமாருக்குள் தானாகவே வெளியே தள்ளப்பட்டு விழுந்துவிடும். நான்கு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, அதுவும் வாயைத் திறந்து குறட்டை விடுபவர்களுக்கு, கூடவே அடினாய்டையும் எடுப்பதுண்டு. குழாய் போட்ட உடனே காது திறக்கும் என்பது உண்மை. அதன் லாபம் முதல் சில மாதங்களில்தான் அதிகம், பிறகு போடாத பிள்ளைகளும் தானாக வற்றி வந்து எட்டிப் பிடித்துவிடுகிறார்கள் என்பதும் உண்மை.

அப்படியானால் படிப்புக்கு நிரந்தரச் சேதமா? அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் 6,350 குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து கவனித்து, மூன்று வயதுக்குள் நீர் நீடித்த 429 பேரைச் சீட்டுக் குலுக்கல் போலப் பிரித்தார்கள். பாதிப் பேருக்கு உடனே குழாய். மீதிப் பேருக்கு நீர் வற்றாவிட்டால் மட்டும், ஒன்பது மாதம் வரை தள்ளி. 9 முதல் 11 வயதில் வாசிப்பு, எழுத்து, கவனம், புத்தி எல்லாவற்றையும் சோதித்தால் இரு பக்கத்துக்கும் வித்தியாசம் இல்லை. 2007-இல் வெளியான முடிவு இது. குழாய் போடவில்லையே என்று இரவெல்லாம் தூங்காத பெற்றோருக்கு இதைத் தாராளமாகச் சொல்லலாம். 'அப்போ பள்ளியிலும் ஒன்றும் ஆகாது' என்று இதை வைத்து முடிவு கட்டுவதைத்தான் நான் ஏற்கமாட்டேன். அந்த ஆய்வு கேட்ட கேள்வி, மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்குச் சீக்கிரம் குழாய் போடுவதால் லாபமா என்பது. ஏழு வயதில், மூன்றாவது மொழியைக் கற்கத் தொடங்கும் பருவத்தில், மின்விசிறியும் பக்கத்து வகுப்புச் சத்தமும் துத்தநாகக் கூரையில் விழும் மழையும் கலந்த அறையில், பாதி பாடத்தைக் கேட்காமல் உட்கார்ந்திருப்பவனைப் பற்றி அது எதுவும் கேட்கவில்லை. அவன் மூளைக்குச் சேதம் இல்லை. அவனுக்கு ஒரு தவணைப் பாடம் போயிற்று, அதோடு 'மக்கு' என்ற பெயரும் வந்து சேர்ந்தது.

ஆகவே அந்த மூன்று மாதம் ஆஸ்பத்திரிக்குக் காத்திருப்பு, பள்ளிக்கு வேலை. அவனை முதல் வரிசைக்கு மாற்றினோம். வாசல் பக்கம் இல்லாமல், ஆசிரியர் வழக்கமாக நிற்கும் இடத்துக்கு எதிரே, விசிறிக்கு நேர் கீழே வராதபடி. நான்கு மீட்டர் ஒன்றரை மீட்டரானால் ஏழெட்டு டெசிபல் திரும்பக் கிடைக்கிறது, செலவில்லாமல். பலகையில் எழுதிக்கொண்டே பேசக் கூடாது என்று மலாய் ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டேன். இருபது வருடப் பழக்கம், அவர் பாவம் அடிக்கடி மறந்தார். மழை கொட்டும்போது சொல்வதெழுதுதல் கிடையாது. சொல்லைத் தனியாகச் சொல்லாமல் வாக்கியத்தில் வைத்துச் சொன்னோம். 'துஜுஹ் ஒராங்' என்றால் 'ஏழு பேர்' என்று பொருளே வாலைக் காட்டிக்கொடுத்துவிடும்.

மூன்றாம் மாதம் வலது காதின் கோடு எழுந்துவிட்டது, இடது தட்டையாகவே இருந்தது. ஒரு காது திறந்துவிட்டதால் குழாய் வேண்டாம், இன்னும் பொறுப்போம் என்றார்கள். ஆறாம் மாதம் இடதும் வற்றிவிட்டது. மதிப்பெண் 15-க்கு மேலே நின்றது, ஆனால் 20-க்குப் போகவில்லை. ஏன் என்று பார்த்தால், காது மோசமாக இருந்த வாரங்களில் கற்றுக்கொடுத்த சொற்களில்தான் இன்னும் தவறுகள். அவற்றை வால் இல்லாமலேயே மனப்பாடம் செய்து வைத்திருந்தான். காது திறந்ததால் அவை தாமாகத் திருந்தவில்லை. பழைய நோட்டை எடுத்து, சிவப்பு மையால் கோடிட்ட சொற்களை மட்டும் பொறுக்கி, தினம் ஐந்து என்று மறுபடி சொல்லிக்கொடுத்தேன். ஏறக்குறைய இரண்டு மாதம் பிடித்தது.

அடுத்த மழைக்காலத்தில் அவனுக்கு மறுபடி சளி. மூன்றாம் ஆண்டில் அவனைப் பின் வரிசைக்கு மாற்றியிருந்தார்கள். அந்த வாரம் நான் வகுப்புக்குப் போனபோது, யாரும் சொல்லாமலே நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து ஆசிரியர் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். "இன்னைக்கு ஹ் கேக்கல டீச்சர்" என்றான்.